கூட்டத்துக்குப் பிறகு குழுவுக்கு வரும் செய்தி

திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பின்னலாடை யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு 6,000 டி-ஷர்ட் அனுப்ப வேண்டும். வெள்ளை 3,600, நேவி நீலம் 2,400. திங்கள்கிழமை காலை 11 மணிக்கு மேலாளர் அறையில் ஆறு பேர் கூடுகிறார்கள்: மேலாளர், மெர்ச்சண்டைசர், துணிப் பொறுப்பாளர், கட்டிங் மாஸ்டர், தையல் சூப்பர்வைசர், பேக்கிங் பொறுப்பாளர். சாம்பிளைப் பார்த்த வாடிக்கையாளர் கழுத்து ரிப் இன்னும் அகலமாக வேண்டும் என்கிறார். நெஞ்சில் வரும் பிரிண்ட்டின் நிறம் பிடிக்காமல் வேறு மாதிரி கேட்டிருக்கிறார். நேவி துணி இன்னும் டையிங்கை விட்டு வெளியே வரவில்லை. அட்டைப்பெட்டியின் அளவும் இழுபறியில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், கலைகிறார்கள். எல்லாம் பேசி முடித்த திருப்தி எல்லோருக்கும். சிறிது நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழுகிறது.

"இன்றைய மீட்டிங்கில் பேசியது: வெள்ளை கட்டிங் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். கழுத்து ரிப் மாற்றம் உண்டு. பிரிண்ட் சாம்பிள் அர்ஜென்ட். நேவி துணியை ஃபாலோ அப் செய்யவும். கார்ட்டன் பற்றி விரைவில் முடிவு செய்யப்படும். எல்லோரும் ஒத்துழைக்கவும்."

கீழே நான்கு கட்டைவிரல், இரண்டு கும்பிடு. புதன்கிழமை மாலை கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேட்டால், "ரிப் மாத்தறதா சொன்னாங்க, எவ்வளவுன்னு சொல்லலீங்க, அதான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்பார். அவர் மீது தப்பே இல்லை. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு துணியைக்கூட வெட்ட முடியாது.

செய்தியை எழுதியவர் சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. கூட்டத்தில் பேசியதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்ற அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். சிக்கல் அந்த நோக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் சபை நடத்தும் விதிகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். கூட்டக் குறிப்பில் என்ன செய்யப்பட்டது என்பதைத்தான் எழுத வேண்டும், யார் என்ன பேசினார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை என்பது அதில் இன்றும் பலர் பின்பற்றும் ஒரு விதி. சங்கங்களின் மினிட்ஸ் புத்தகத்துக்கு அது போதும். மறுநாள் காலை வேலை தொடங்க வேண்டிய ஒரு குழுவுக்கு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். என்ன முடிவானது, அதற்காக இனி யார் எதைச் செய்யப் போகிறார், எத்தனை மணிக்குள் என்பது தெரிய வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்தால்தான் ஒரு விஷயம் தெரியவரும். கூட்டத்தில் முடிவானதாக நாம் நினைத்ததில் பாதி முடிவாகவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். கூட்டத்துக்குப் பின் போடும் செய்தியைக் கூட்டத்தின் சுருக்கம் என்று பார்ப்பதைவிட, கூட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் கடைசி இடம் என்று பார்ப்பதே சரி.

அதே மெர்ச்சண்டைசர் இரண்டாவது முறை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: வெள்ளை கட்டிங், புதன் காலை. இரண்டாவது வரி: கழுத்து ரிப் அகலம் 1.5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ. இரண்டும் அடுத்தடுத்து எழுத்தில் நிற்கும்போது கை தயங்குகிறது. ரிப் அரை சென்டிமீட்டர் அகலமாகிறது, ஆனால் தலை நுழையும் கழுத்துத் திறப்பு பழைய அளவிலேயே இருக்க வேண்டும் என்றால், முன்பாகத்திலும் பின்பாகத்திலும் கழுத்து வளைவை அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். அதாவது பேட்டர்னையே திருத்த வேண்டும். பழைய பேட்டர்னில் 3,600 பீஸை வெட்டிவிட்டால், புதிய ரிப்பைத் தைத்ததும் கழுத்து இறுகிப்போகும். கட்டிங் தொடங்குமுன் முடிய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்ய வேண்டிய பேட்டர்ன் மாஸ்டர் கூட்டத்துக்கே அழைக்கப்படவில்லை.

முக்கால் மணி நேரம் பேசிய ஆறு பேருக்கும் இது தோன்றவில்லை. பேச்சில் ரிப் பற்றிப் பேசியது பதினொன்றேகாலுக்கு, கட்டிங் பற்றிப் பேசியது பதினொன்றரைக்கு. நடுவில் வேறு நான்கு பேச்சு. எழுத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் வந்தபோதுதான் இடைவெளி கண்ணில் பட்டது. அதனால்தான் செய்தியைக் கூட்டம் கலைவதற்கு முன், கடைசி ஐந்து நிமிடத்தில் அங்கேயே எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். பேட்டர்ன் மாஸ்டரைக் கூப்பிட அப்போது ஒரு ஃபோன் போதும். அன்று மாலையென்றால் இன்னொரு கூட்டம் வேண்டியிருக்கும்.

இனி பெயர். "நேவி துணியை ஃபாலோ அப் செய்யவும்" என்ற வரியை ஆறு பேரும் படிக்கிறார்கள். துணிப் பொறுப்பாளர், மெர்ச்சண்டைசர் டையிங் யூனிட்டோடு பேசுவார் என்று நினைக்கிறார். மெர்ச்சண்டைசர், அது துணிப் பிரிவின் வேலை என்று நினைக்கிறார். இருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத்தான் அளந்து பார்த்தது. தனித்தனி அறைகளில் இருப்பவர்கள் இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கிறது. கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவிக்குக் கிளம்பினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிக் கிளம்பியவர்கள் 31 சதவீதம்தான். உயிர் போகும் நிலையும் துணி லாட்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு குழுவைப் பார்த்துச் சொன்ன வேலை அதிலுள்ள ஒவ்வொருவர் காதிலும் இன்னொருவருக்குச் சொன்னதாக விழும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை.

அதனால் ஒரு வரிக்கு ஒரே ஒரு பெயர். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தாலும் பதில் சொல்பவர் ஒருவர்தான். 'துணிப் பிரிவு', 'மெர்ச்சண்டைசிங் டீம்' என்று எழுதினால் பெயர் எழுதவில்லை என்றே கொள்ள வேண்டும். குழுவில் இல்லாத ஆளின் பெயரையும் போடக் கூடாது. துணிக்குச் சாயம் ஏற்றுவது வெளியிலுள்ள டையிங் யூனிட் என்றாலும், செய்தியில் வர வேண்டியது நம் துணிப் பொறுப்பாளரின் பெயர். டையிங் யூனிட்காரர் நம் செய்தியைப் பார்க்கப் போவதில்லை.

பெயர் போடுவதில் நம் ஊர்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. செய்தியை எழுதுபவர் பெரும்பாலும் வயதில் இளையவர். கட்டிங் மாஸ்டர் முப்பது வருட அனுபவக்காரர். "மாஸ்டர், புதன் காலை 9 மணி" என்று இருபத்தாறு வயதுப் பெண் எழுதினால் அது உத்தரவு மாதிரி ஒலிக்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பல செய்திகள் 'எல்லோரும் ஒத்துழைக்கவும்' என்று முடிகின்றன. தேதியை நாம் விதிக்காமல் அவர் வாயிலிருந்தே வாங்கிவிட்டால் இந்தச் சங்கடம் வராது. "மாஸ்டர் அண்ணா, பேட்டர்ன் செவ்வாய் சாயங்காலம் கைக்கு வந்துட்டா நீங்க எப்ப டேபிள்ல துணி விரிப்பீங்க?" என்று கூட்டத்திலேயே கேட்டால், "புதன் காலையில ஒன்பதுக்குப் போட்டர்லாம் கண்ணு" என்பார். பிறகு செய்தியில் இருப்பது அவர் சொன்ன நேரம். மேலாளர் கேட்கும்போது "சரிங்க சார்" என்று எதற்கும் தலையாட்டுபவர்கள்கூட, எப்போது முடியும் என்று கேட்டால் உண்மைக்கு அருகில் ஒரு பதில் சொல்வார்கள்.

நேரம் எழுதுவதிலும் பொறிகள் உண்டு. 'நாளை' என்று எழுதினால், மறுநாள் காலை படிப்பவருக்கு அது இன்னொரு நாளைக் குறிக்கும். 'வெள்ளிக்குள்' என்றால் வெள்ளிக்கிழமை சேர்த்தியா இல்லையா என்பதில் இரண்டு பேர் இரண்டு விதமாக நினைப்பார்கள். 'இன்றைக்குள்' என்பது அலுவலகத்தில் மாலை 6 மணி, இரவு ஷிஃப்ட் ஓடும் இடத்தில் நள்ளிரவு. கிழமை, தேதி, மணி மூன்றையும் எழுதினால் தீர்ந்தது. கிழமையும் தேதியும் சேர்ந்து இருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எழுதும்போது ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

நம் கையில் இல்லாத வேலைக்கு எப்படி நேரம் குறிப்பது என்பதுதான் கடினமான இடம். "நேவி துணி வெள்ளிக்கிழமை வந்துவிட வேண்டும்" என்று துணிப் பொறுப்பாளர் பெயரில் எழுதலாம். சாயம் பிடிக்குமா, ஷேட் ஒத்துவருமா என்பது அவர் கையில் இல்லையே. வெள்ளிக்கிழமை வரை அவர் காத்திருந்துவிட்டு, "வரலீங்க" என்று சொன்னால் நமக்கு இரண்டு நாள் போயிருக்கும். அவரால் செய்ய முடிந்ததை எழுதுவது நல்லது: புதன்கிழமை மதியம் நேரில் போய் லாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாங்கி வருவது. ஷேட் கெட்டிருந்தால் அது புதன்கிழமையே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் ஒப்புதல், வங்கிக் கடன், அரசு அலுவலக அனுமதி என்று வெளியார் கையிலுள்ள எதற்கும் இதே முறைதான்.

இப்படியெல்லாம் பார்த்து எழுதிய செய்தி கீழே இருக்கிறது. உண்மையில் பெயர் வர வேண்டிய இடங்களில் இங்கே பொறுப்பைப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 8, திங்கள் கூட்டம்: 6,000 டி-ஷர்ட் ஆர்டர்

முடிவானவை:
கழுத்து ரிப் அகலம் இனி 2 செ.மீ. (பழையது 1.5). இரண்டு நிறத்துக்கும். கழுத்துத் திறப்பு அளவு மாறாது.
வெள்ளையை முதலில் வெட்டுகிறோம். நேவிக்காகக் காத்திருப்பதில்லை.

செய்ய வேண்டியவை:
1. @பேட்டர்ன் மாஸ்டர்: கழுத்து வளைவைத் திருத்திய பேட்டர்னைக் கட்டிங் டேபிளில் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்குவது. செவ்வாய், ஜூன் 9, மாலை 5 மணி.
2. @கட்டிங் மாஸ்டர்: புதிய பேட்டர்னில் வெள்ளை கட்டிங் தொடங்குவது. புதன், ஜூன் 10, காலை 9 மணி. (1 முடிந்த பிறகே.)
3. @துணிப் பொறுப்பாளர்: நேவி லாட்டின் ஷேட் துண்டை டையிங் யூனிட்டில் நேரில் வாங்கி வருவது. புதன், ஜூன் 10, மதியம் 1 மணி.
4. @மெர்ச்சண்டைசர்: நெஞ்சுப் பிரிண்ட்டின் புதிய ஸ்ட்ரைக்-ஆஃபை பையிங் அலுவலகத்தில் கொடுப்பது. வியாழன், ஜூன் 11, காலை 11 மணி.

முடிவாகாதது:
அட்டைப்பெட்டி அளவு. @பேக்கிங் பொறுப்பாளர் பையிங் அலுவலகத்தில் கேட்டு வெள்ளி, ஜூன் 12, மாலை 4 மணிக்குள் சொல்வார். முடிவு செய்பவர் @மேலாளர், சனி, ஜூன் 13, காலை 11 மணி.

1 முதல் 4 வரை உள்ளவர்களும் பேக்கிங் பொறுப்பாளரும் 'சரி' அல்லது 'முடியாது' என்று எழுதவும். தவறு இருந்தால் இன்று மாலை 3 மணிக்குள் சொல்லவும்.

ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றில் முடிவதைக் கவனியுங்கள். "பேட்டர்ன் வேலை" என்று எழுதியிருந்தால், கணினியில் திருத்தியதோடு வேலை முடிந்ததாகப் பேட்டர்ன் மாஸ்டர் நினைக்கலாம். கட்டிங் டேபிளில் புதியது இருக்கிறதா, பழையது அங்கிருந்து போய்விட்டதா என்பதை யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். பழையதைத் திரும்ப வாங்குவது என்ற சின்ன விஷயத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். இரண்டு பேட்டர்னும் ஒரே டேபிளில் கிடந்தால், அவசரத்தில் யார் எதை எடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

முடிவாகாததற்குத் தனி இடம் கொடுத்திருப்பதும் முக்கியம். "கார்ட்டன் பற்றி விரைவில் முடிவு செய்யப்படும்" என்பது படிப்பவரை ஏமாற்றும் வாக்கியம். பேசி முடித்த தோற்றம் தருகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. முடிவாகவில்லை என்று நேராகச் சொல்லி, தகவல் கொண்டுவருபவர் யார், முடிவெடுப்பவர் யார் என்று இரண்டு பெயரைப் பிரித்து எழுதினால், பேக்கிங் பொறுப்பாளர் தானாக ஒரு அளவை முடிவு செய்து பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிடும் ஆபத்தும் நீங்கும்.

செய்தியைப் போட்டாயிற்று. குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் வந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டதா? கம்பெனிகளின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு நம் நாட்டில் உள்ள செயலகத் தரவிதியில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் மினிட்ஸின் வரைவை இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய 7 நாளுக்குள் ஒருவர் கருத்துச் சொல்லவில்லை என்றால் அவர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். அங்கே அது பொருந்தும். ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றின் பதிவு அது, அதைப் படிப்பது இயக்குநர்களின் கடமை. வேலைத்தளத்தில் இனி நடக்க வேண்டியதைப் பற்றிய செய்திக்கு அதே விதியை வைக்கக் கூடாது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே ஃபோனைத் திறந்து, இருபது செய்திகளோடு சேர்த்து இதையும் தள்ளிவிட்டவருக்கும் நீல டிக் வந்துவிடும். கட்டைவிரலுக்கு 'பார்த்தேன்', 'சரி', 'வாழ்க' என்று எந்தப் பொருளும் உண்டு. பெயர் உள்ளவர் கைப்பட 'சரி' என்று எழுதும்வரை அந்த வரி அவரிடம் போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 3 மணிக்கு மேலும் பதில் வராதவருக்குக் குழுவில் நினைவூட்டல் போடுவதைவிட, நேரில் போய்க் கேட்பது மரியாதையும் கூட, பலனும் கூட.

செய்தி நீண்டுவிட்டால் வாட்ஸ்அப் அதை நடுவில் வெட்டி, மீதியைத் தொட்டுத் திறக்கச் சொல்லும். பலர் திறக்க மாட்டார்கள். ஆகவே யார் யோசனை சொன்னார்கள், வாடிக்கையாளர் ஏன் மனம் மாறினார் என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை. போன ஆர்டரில் யாரால் தாமதமானது என்பதற்கும் இடமில்லை. ஒருவரைக் கண்டிக்க வேண்டும் என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். குழுச் செய்தியில் ஒரு முறை குத்தினால், அடுத்த முறை அவர் தன் பெயர் வராமலிருக்க வழி பார்ப்பார். குழுவில் வெளியாட்கள் இருந்தால் விலையும் கூலியும் அதில் வரக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி புதன்கிழமைக்கு வருவோம். துணிப் பொறுப்பாளர் டையிங் யூனிட்டுக்குப் போகிறார். நேவி துண்டு, ஒப்புதலான மாதிரியைவிட ஒரு சாயல் சிவப்பாக இருக்கிறது. மறுபடி சாயத்தில் போட வேண்டும். இப்போது பழைய செய்தியை எடிட் செய்து தேதியை மாற்றத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிடத்துக்குப் பிறகு அது முடியாது என்பது ஒருபுறம். அந்த நேரத்துக்குள் செய்தாலும் திருத்தியதற்கென்று யாருக்கும் புதிதாக அறிவிப்புப் போகாது. காலையில் ஒரு தேதியைப் படித்தவர் அதே தேதியை நம்பிக்கொண்டிருப்பார். முதல் செய்தியைப் பதிலுக்கு இழுத்து, அதன் கீழே புதிதாக எழுத வேண்டும்: "3-ஆவது வேலை முடிந்தது. ஷேட் ஒத்துவரவில்லை, லாட்டை மறுபடி சாயத்துக்கு அனுப்பியாயிற்று. அடுத்த துண்டு வாங்குவது சனி, ஜூன் 13, மதியம் 1 மணி. @கட்டிங் மாஸ்டர், நேவி திங்கள் வரை வராது, டேபிளை வேறு ஆர்டருக்குக் கொடுத்துவிடலாம்." மாற்றத்தைச் சொல்பவரே அந்த மாற்றத்தால் யாருக்குப் பாதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறார். முதல் செய்தியைக் குழுவின் மேற்புறத்தில் பின் செய்து வைத்தால் இந்தத் தொடர் எளிதாகக் கிடைக்கும். ஒரு நாள், ஏழு நாள், முப்பது நாள் என்று வாட்ஸ்அப் தரும் மூன்று அளவில், அடுத்த கூட்டம் வரை நிற்கும் ஏழு நாள் இதற்குப் பொருத்தம்.

சில வாரங்கள் இப்படிச் செய்த பிறகு பழைய செய்திகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏழு வரியில் ஐந்தில் ஒரே பெயர் வந்தால், அவர் திறமைசாலி என்பதைவிட, அந்த யூனிட்டில் வேலை பிரிக்கப்படவில்லை என்பதே செய்தி. அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஐந்தும் நிற்கும். ஒரே வரி மூன்று வாரமாகத் தேதி மட்டும் மாறி வந்தால், பெரும்பாலும் அந்த வேலை ஒருவர் ஒரு மூச்சில் செய்யும் அளவைவிடப் பெரிது, அல்லது அதைச் செய்ய உண்மையில் யாருக்கும் விருப்பமில்லை. முதலாவதென்றால் உடைத்து எழுதலாம். இரண்டாவதென்றால் கைவிடுவதாக வெளிப்படையாக முடிவெடுத்து அதையும் செய்தியில் போடலாம். முடிவானவை என்ற பகுதி வாராவாரம் காலியாகவே இருக்கிறதென்றால் அந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து கூட்டுவதற்குக் காரணம் இருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்கலாம்.

எல்லாப் பேச்சுக்கும் இவ்வளவு வேண்டியதில்லை. இரண்டு பேர் படிக்கட்டில் நின்று பேசி முடித்ததற்கு ஒற்றை வரி போதும்: யார், எதை, எப்போது.

அடுத்த திங்கள், ஜூன் 15. அதே அறை. இம்முறை பேட்டர்ன் மாஸ்டரும் உட்கார்ந்திருக்கிறார். "என்ன பேசலாம்?" என்று தொடங்காமல், மெர்ச்சண்டைசர் போன வாரச் செய்தியை எண் வாரியாகப் படிக்கிறார். ஒன்றும் இரண்டும் முடிந்தன. ஸ்ட்ரைக்-ஆஃபுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. நேவி இன்னும் நிற்கிறது. அட்டைப்பெட்டி பழைய அளவே என்று மேலாளர் சனிக்கிழமை சொல்லிவிட்டார். முடிந்தவற்றை விட்டுவிட்டு, நேவி வரியை மட்டும் புதிய செய்திக்கு மாற்றுகிறார்கள். புதிய தேதிக்குப் பக்கத்தில் 'முதல் தேதி ஜூன் 10' என்பதும் இருக்கிறது.